பீட்சா பஃபேயும் 0.05-உம்: தேதி போடாத ஆராய்ச்சிகளின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தாளில் நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த ஒரு வரி உண்டு. பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தால் நல் ஹைப்பாதிசிஸை நிராகரி, மேலே போனால் ஏற்றுக்கொள். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்த வரிக்குப் பின்னால் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கேள்வியை முடிவு செய்தது எப்போது, டேட்டாவைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா? இந்த ஒரு தேதியைக் கேட்காமல் விட்டதால் கடந்த சில பத்தாண்டுகளில் பெரிய பெரிய ஆய்வுகள் சரிந்து விழுந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கதை ஒரு பீட்சா கடையில் தொடங்குகிறது.

பஃபேயில் என்ன நடந்தது?

பிரையன் வான்சிங்க் என்பவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நுகர்வோர் நடத்தைப் பேராசிரியராக இருந்தவர். நம் மார்க்கெட்டிங் பாடத்துக்கு மிக நெருக்கமான ஆள். மனிதர்கள் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதைப் பசி மட்டும் தீர்மானிப்பதில்லை, தட்டின் அளவும் விலையும் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள் என்று சொல்லிப் பெயர் வாங்கியவர். மேசைக்கு அடியில் குழாய் வைத்து, குடிக்கக் குடிக்கத் தானாக நிரம்பும் சூப் கிண்ணம் ஒன்றைச் செய்து ஆய்வு நடத்தினார். அதற்காக 2007-இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்க விவசாயத் துறையில் ஊட்டச்சத்துக் கொள்கை மையத்துக்குத் தலைவராகவும் கொஞ்ச காலம் இருந்தார். பள்ளி உணவகங்களை எப்படி அமைக்கலாம் என்று அவர் சொன்ன யோசனைகள் பல பள்ளிகளில் நடைமுறைக்கு வந்தன.

இவருடைய குழு ஒரு இத்தாலிய உணவகத்தின் பஃபேயில் ஆய்வு செய்தது. வந்தவர்களில் சிலரிடம் முழு விலையாக 8 டாலர் வாங்கினார்கள், சிலரிடம் பாதி விலையாக 4 டாலர். விலை மாறினால் சாப்பிடுவது மாறுகிறதா என்று பார்ப்பது நோக்கம். எதிர்பார்த்த முடிவு வரவில்லை.

சாதாரணமாக இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2016 நவம்பரில் வான்சிங்க் தன் வலைப்பதிவில் எழுதியது வேறு. வெளிநாட்டிலிருந்து தன் ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஒரு மாணவியிடம் இந்தத் தோற்றுப்போன ஆய்வின் டேட்டாவைக் கொடுத்ததாகவும், இவ்வளவு செலவு செய்து சேகரித்த டேட்டாவில் ஏதாவது தேறும் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தார். அந்த மாணவி தினமும் புதுப்புது முடிவுகளோடு வந்தாராம். இவர் தினமும் புதுப்புதுக் கோணங்களைச் சொன்னாராம். கடைசியில் அந்த ஒரே டேட்டாவிலிருந்து நான்கு கட்டுரைகள் ஆய்விதழ்களில் வந்துவிட்டன. இதே வேலையை வேண்டாம் என்று சொன்ன இன்னொரு ஆய்வாளரை ஒப்பிட்டு, உழைப்புக்கு உதாரணமாக இந்த மாணவியைப் பாராட்டியிருந்தார்.

இதைப் படித்த பல ஆராய்ச்சியாளர்கள் அதிர்ந்து போனார்கள். வான்சிங்குக்கு அது ஏன் என்று முதலில் புரியவில்லை. நம்மில் பலருக்கும் இந்த இடத்தில் புரியாது. மாணவி உழைத்தார், டேட்டா உண்மையானது, நான்கு கட்டுரைகள் வந்தன. இதில் என்ன தப்பு?

இருபதில் ஒன்று

இதற்குப் பதில் சொல்ல 0.05-இன் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் என்ற விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த வயலில் உரம் போட்டோம், அந்த வயலில் போடவில்லை, விளைச்சலில் தெரியும் வித்தியாசம் உரத்தாலா அல்லது தற்செயலா என்பதுதான் அங்கே அன்றாடக் கேள்வி. உரத்துக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இவ்வளவு பெரிய வித்தியாசமோ அதைவிடப் பெரியதோ தற்செயலாகத் தெரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு? அதுதான் பி-மதிப்பு. அது இருபதில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் கவனிக்கத் தக்கது என்று எடுத்துக்கொள்வது வசதியான எல்லை என்றார் ஃபிஷர். 0.05 வானத்திலிருந்து விழவில்லை, ஒரு வசதிக்காக வந்த எண்.

ஒரு கேள்வி கேட்டு ஒரு முறை சோதித்தால் இந்த எல்லை ஒழுங்காக வேலை செய்யும். உண்மையில் எந்த விளைவும் இல்லாதபோது நாம் ஏமாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது கேள்விகளைக் கேட்டால்? ஒன்றிலாவது ஏமாறும் வாய்ப்பைக் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்:

1 − 0.95^20 = 0.64

நூற்றுக்கு 64. அதாவது எந்த விளைவும் இல்லாத டேட்டாவிலிருந்து "கண்டுபிடிப்பு" ஒன்றை எடுப்பது காசு சுண்டுவதைவிடச் சுலபம். இருபது முறை சோதித்துவிட்டு, தேறிய ஒன்றை மட்டும் காட்டி, முதலிலிருந்தே இதைத்தான் தேடினேன் என்று எழுதினால், அந்த 0.05 என்ற எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆனால் கட்டுரையைப் படிப்பவருக்கு அந்த மற்ற பத்தொன்பது கண்ணில் படாது. இதற்குத்தான் ஆங்கிலத்தில் பி-ஹேக்கிங் என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது பீட்சா கடைக்கு வாருங்கள். வான்சிங்கின் மின்னஞ்சல்கள் 2018-இல் ஊடகங்களில் வெளியாயின. சாப்பிட வந்தவர்களை ஆண், பெண், மதியம் வந்தவர், இரவு வந்தவர், தனியாக உட்கார்ந்தவர், கூட்டமாக உட்கார்ந்தவர், மது வாங்கியவர், மென்பானம் வாங்கியவர், பஃபேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், தள்ளி உட்கார்ந்தவர் என்றெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்க்கும்படி மாணவிக்கு அவர் எழுதியிருந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால், கல்லில் நார் உரிக்கச் சொன்னார்.

நான் ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்த்தேன். மேலே சொன்னது மட்டும் பத்துப் பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் 4 டாலர்காரரையும் 8 டாலர்காரரையும் ஐந்து விஷயங்களில் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்வோம்: தின்ற துண்டுகள், ருசி, திருப்தி, குற்ற உணர்ச்சி, அதிகம் தின்றுவிட்டோம் என்ற எண்ணம். மொத்தம் ஐம்பது ஒப்பீடு. விலைக்கு எந்தப் பாதிப்புமே இல்லாவிட்டாலும் சராசரியாக இரண்டு மூன்று ஒப்பீடுகள் 0.05-க்குக் கீழே வந்து நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை! இதில் யாரும் ஒரு எண்ணைக்கூடத் திருத்தத் தேவையில்லை. அதுதான் இதன் ஆபத்து.

பாட்டுக் கேட்டால் வயது குறையுமா?

இந்த ஆபத்தை வான்சிங்க் விவகாரத்துக்கு ஐந்து வருடம் முன்பே மூன்று பேர் வேடிக்கையாகச் செய்து காட்டியிருந்தார்கள். ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன். மூவரும் பிசினஸ் ஸ்கூல் ஆட்கள், நம்ம ஜாதி :-). 2011-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மாணவர்கள் 20 பேர் கலந்துகொண்ட ஒரு ஆய்வு வருகிறது. சிலருக்கு பீட்டில்ஸின் 'வென் ஐயாம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைப் போட்டார்கள், மற்றவர்களுக்கு கலிம்பா என்ற ஒரு வாத்திய இசையை. பிறகு பிறந்த தேதியையும் அப்பாவின் வயதையும் கேட்டார்கள். முடிவு என்ன தெரியுமா? பீட்டில்ஸ் பாட்டுக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒன்றரை வயது இளையவர்கள் ஆகிவிட்டார்கள். இளமையாக "உணர்ந்தார்கள்" என்று இல்லை, நிஜமாகவே வயது குறைந்துவிட்டது. பி-மதிப்பு 0.040.

இது நடக்க முடியாத காரியம். எண்களோ உண்மையானவை. எப்படி வந்தது என்று அவர்களே அடுத்து விளக்கினார்கள். உண்மையில் வந்தவர்கள் 34 பேர். மூன்றாவதாக ஒரு குழந்தைப் பாட்டும் இருந்தது, அது ஒத்துவராததால் அந்தக் குழுவையே விட்டுவிட்டார்கள். எத்தனை பேர் வரை சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்யவில்லை. பத்துப் பேர் வந்ததும் கணக்குப் பார்ப்பது, தேறவில்லையா, இன்னும் பத்துப் பேரைக் கூப்பிடுவது. வயது மட்டுமல்லாமல், அரசியல் சாய்வு, பழைய காலம் நல்ல காலம் என்று எத்தனை முறை சொல்வீர்கள் என்பது போல என்னென்னவோ கேட்டிருந்தார்கள். அப்பாவின் வயதைக் கணக்கில் சேர்த்தபோதுதான் 0.040 வந்தது. அதைச் சேர்க்காவிட்டால் பி-மதிப்பு 0.33, அதாவது ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டரில் பல்லாயிரம் தடவை போலி டேட்டா உருவாக்கியும் பார்த்தார்கள். இரண்டு அளவீடுகளில் எது தேறுகிறதோ அதைக் காட்டும் சுதந்திரம் மட்டும் இருந்தால் ஏமாறும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.5 ஆகிறது. ஒவ்வொரு குழுவிலும் 20 பேரை வைத்துப் பார்த்துவிட்டுத் தேறாவிட்டால் இன்னும் 10 பேரைச் சேர்க்கும் சுதந்திரம் மட்டும் இருந்தால் 7.7. இதேபோல நான்கு சுதந்திரங்களையும் சேர்த்தால் 60.7 சதவீதம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான முடிவு மாதிரிதான் இருக்கும். அக்கவுண்ட்ஸில் நாம் படிக்கும் விண்டோ டிரெஸ்ஸிங் மாதிரிதான் இதுவும். ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒரு விளக்கம் இருக்கும், மொத்த பேலன்ஸ் ஷீட்தான் பொய் சொல்லும்.

பஃபே எப்படிப் பிடிபட்டது?

வலைப்பதிவைப் படித்தவர்களில் டிம் வான் டெர் ஜீ, ஜோர்டன் அனாயா, நிக் பிரவுன் என்ற மூவர் அந்த நான்கு கட்டுரைகளையும் எடுத்து வரி வரியாகக் கூட்டிப் பார்த்தார்கள். மூல டேட்டா அவர்களிடம் இல்லை. கட்டுரையில் அச்சான எண்கள் மட்டும்தான். 2017 தொடக்கத்தில் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் சுமார் 150 முரண்பாடுகள் இருந்தன.

டேட்டா இல்லாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அவர்கள் பயன்படுத்திய ஒரு வழி நமக்கும் பயன்படும். 18 பேரிடம் 1 முதல் 9 வரை முழு எண்ணில் மதிப்பெண் கேட்கிறீர்கள். கூட்டுத்தொகை முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். 61 என்றால் சராசரி 3.39, 62 என்றால் 3.44. இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. ஆகவே 18 பேரின் சராசரி 3.40 என்று ஒரு அட்டவணை சொன்னால், ஆட்களின் எண்ணிக்கை தப்பு, அல்லது சராசரி தப்பு, அல்லது சிலர் பதில் சொல்லாததைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். இதற்கு கிரிம் சோதனை என்று பெயர். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது என்று மட்டும் தெரியும் அல்லவா, அதே மாதிரி.

அதன் பிறகு வான்சிங்கின் மற்ற கட்டுரைகளையும் தோண்ட ஆரம்பித்தார்கள். ஆப்பிளில் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டினால் குழந்தைகள் அதிகம் எடுக்கிறார்கள் என்ற ஆய்வில், 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் என்று எழுதியிருந்தது. உண்மையில் அவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். அந்தக் கட்டுரை 2017-இல் திரும்பப் பெறப்பட்டது. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ்கள் ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. அடுத்த நாள், டேட்டாவைத் தவறாகத் தெரிவித்தது, சரியில்லாத புள்ளியியல் முறைகள், பதிவுகளைப் பாதுகாக்காதது ஆகிய குறைகளைக் கார்னெல் அறிவித்தது. அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், 2019 ஜூனோடு வேலை முடிந்தது. மோசடி எதுவும் செய்யவில்லை, வேண்டுமென்றே எதையும் திரிக்கவில்லை என்பது அவர் தரப்பு. இதுவரை திரும்பப் பெறப்பட்ட அவருடைய கட்டுரைகள் ஒரு டஜனுக்கும் மேல்.

மேசை டிராயரில் தூங்கும் கட்டுரைகள்

எல்லாப் பழியையும் ஒரு பேராசிரியர் மேல் போட்டுவிட முடியாது. "விலையால் எந்த மாற்றமும் இல்லை" என்று உண்மையை எழுதி அனுப்பியிருந்தால் எந்த ஆய்விதழ் போட்டிருக்கும்? 1959-லேயே தியோடர் ஸ்டெர்லிங் என்பவர் சில உளவியல் ஆய்விதழ்களைப் புரட்டிப் பார்த்தார். புள்ளியியல் சோதனை செய்த 294 கட்டுரைகளில் 286 கட்டுரைகள் நல் ஹைப்பாதிசிஸை நிராகரித்திருந்தன. நூற்றுக்கு 97! உலகத்தில் யாரும் தப்பாக யூகிப்பதே இல்லையா என்ன? தேறாத ஆய்வுகள் அச்சுக்கு வரவில்லை, அவ்வளவுதான். 1979-இல் ராபர்ட் ரோசன்தால் இதற்கு மேசை டிராயர் பிரச்சினை என்று பெயர் வைத்தார்.

டிராயருக்குள் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் ஒரு துறையில் மட்டும் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் புது மருந்து விற்க வேண்டுமென்றால், சோதனையின் திட்டத்தை அரசின் எஃப்.டி.ஏ.விடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும், பிறகு முடிவையும் கொடுக்க வேண்டும். அங்கே வேலை பார்த்திருந்த எரிக் டர்னர் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் 12 மனச்சோர்வு மருந்துகளின் 74 சோதனைகளை எடுத்து, எஃப்.டி.ஏ. கோப்பில் இருப்பதையும் ஆய்விதழில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 2008-இல் வந்த அந்தக் கட்டுரையின் கணக்கு இது.

எஃப்.டி.ஏ. பார்வையில் 38 சோதனைகள் வெற்றி. அவற்றில் 37 அச்சில் வந்தன. மீதி 36 தோல்வி அல்லது சந்தேகம். அவற்றில் 22 அச்சிலேயே வரவில்லை. 11 வந்தன, ஆனால் வெற்றி போலத் தோன்றும்படி எழுதப்பட்டு. தோல்வியைத் தோல்வி என்றே சொல்லி வந்தவை மூன்று மட்டும். ஆகவே ஆய்விதழ் படிக்கும் டாக்டருக்கு 51-இல் 48, அதாவது 94 சதவீதம் வெற்றி. கோப்பைப் பார்ப்பவருக்கு 74-இல் 38, அதாவது 51 சதவீதம்தான் வெற்றி. மருந்துகளே பயனற்றவை என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. ஒவ்வொரு மருந்தும் வெற்று மாத்திரையைவிட மேல் என்றுதான் மொத்தக் கணக்கிலும் வந்தது. ஆனால் எவ்வளவு மேல் என்பது ஊதிப் பெரிதாக்கப்பட்டிருந்தது. இந்த மாத்திரை எனக்கு உதவுமா என்று கேட்கும் நோயாளிக்கு அந்த "எவ்வளவு"தானே முக்கியம்?

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டர்னரால் இதைக் கண்டுபிடிக்க முடிந்ததே, சோதனை முடிவதற்கு முன் எழுதிக் கொடுத்த திட்டம் ஒன்று ஒரு கோப்பில் தேதியோடு இருந்ததால்தான்.

தேதி போட்டால் என்ன ஆகும்?

முன்பதிவு என்பது இவ்வளவுதான். ரயிலுக்குச் செய்வது போலத்தான் இதுவும், வண்டி கிளம்பும் முன் செய்ய வேண்டும் :-). என்ன கேட்கப்போகிறோம், எத்தனை பேரிடம், எதை அளப்போம், எந்தச் சோதனை போடுவோம் என்று எழுதி, பிறகு மாற்ற முடியாத இடத்தில் தேதியோடு வைத்துவிடுவது. மருத்துவச் சோதனைகளுக்காக ClinicalTrials.gov என்ற தளம் 2000-இல் திறக்கப்பட்டது. பதிவு செய்யாத சோதனைகளைப் பிரசுரிக்க மாட்டோம் என்று முன்னணி மருத்துவ ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் 2004-இல் அறிவித்தார்கள், 2005 ஜூலையிலிருந்து நடைமுறை. இந்தியாவில் இதற்கான பதிவேடு 2007-இல் வந்தது, 2009-லிருந்து மருந்துச் சோதனைகளுக்கு அது கட்டாயம்.

விளைவு? ராபர்ட் கப்ளானும் வெரோனிகா இர்வினும் அமெரிக்க தேசிய இதய, நுரையீரல், இரத்த ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்த பெரிய சோதனைகளை 2015-இல் ஆராய்ந்தார்கள். 2000-க்கு முன் வெளிவந்த 30 சோதனைகளில் 17 பலன் காட்டின. 2000-க்குப் பின் 25-இல் இரண்டே இரண்டு. 57 சதவீதம் 8 ஆகிவிட்டது. இந்த வீழ்ச்சி முழுவதும் பதிவால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதே காலத்தில் வழக்கமான சிகிச்சையே முன்னேறியிருக்கலாம், அதைத் தாண்டுவது கடினமாகியிருக்கலாம். ஆனாலும் முக்கிய அளவீடு எது என்று முன்பே சொல்லியாக வேண்டும் என்றான பிறகு, தேறியதை முக்கியம் ஆக்கிக்கொள்ளும் வழி அடைபட்டது உண்மை.

டிராயர் பிரச்சினைக்கு மருந்து இன்னும் ஒரு படி மேலே போனது. கோர்டெக்ஸ் என்ற ஆய்விதழ் 2013-இல் ஒரு புது முறை கொண்டுவந்தது. டேட்டா சேகரிக்கும் முன்பே திட்டத்தை அனுப்ப வேண்டும். திட்டம் நன்றாக இருந்தால் பிரசுரம் உறுதி, முடிவு எப்படி வந்தாலும் சரி. சீலிட்ட டெண்டர் மாதிரி. 2021-இல் உளவியல் கட்டுரைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், வழக்கமான கட்டுரைகளில் 96 சதவீதம் தங்கள் முதல் ஹைப்பாதிசிஸ் சரி என்றன. இந்தப் புது முறையில் வந்தவற்றில் 44 சதவீதம் மட்டும். இந்த 44-ஐப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது. மனிதர்கள் யூகித்தால் பாதிக்குப் பாதி தப்பாவது சகஜம்தானே?

முன்பதிவு ஒன்றும் மந்திரம் இல்லை. திட்டத்தை மழுப்பலாக எழுதினால் பிறகு எங்கே வேண்டுமானாலும் வளைக்கலாம். எழுதியதற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால் பதிவு வெறும் காகிதம். இதற்கு ஒரு கசப்பான உதாரணமும் உண்டு. முன்பதிவு போன்ற கறாரான முறைகளைக் கடைப்பிடித்தால் முடிவுகள் மறுபடியும் அப்படியே வரும் என்று காட்டிய ஒரு கட்டுரை 2023-இல் வந்தது. அதையே 2024-இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எல்லாப் பகுப்பாய்வுகளும் முன்பதிவு செய்யப்பட்டவை என்று அதில் சொல்லியிருந்தது சரியில்லை! ஆனால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததும், பதிவுகள் தேதியோடு இருந்ததால்தான்.

நம் ப்ராஜெக்டில் இது எங்கே வருகிறது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 120 பேரிடம் கேள்வித்தாள். வயது, பாலினம், படிப்பு, வருமானம், தொழில் என்று ஐந்து விவரம். திருப்தி பற்றி பன்னிரண்டு கேள்வி. எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் போட்டு எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கை-ஸ்கொயர் போடுவோம். 5 × 12 = 60 சோதனை. எதற்கும் எதற்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும் சராசரியாக மூன்று "தொடர்பு இருக்கிறது" என்று வரும். அந்த மூன்றும்தான் ஃபைண்டிங்ஸ் அத்தியாயத்தில் போய் உட்காரும். அதை வைத்து சஜெஷன்ஸ் எழுதுவோம். பீட்சா கடையில் நடந்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம்.

மாற்று வழி கடினம் இல்லை. சிறு கடைக்காரர்கள் யூ.பி.ஐ. பயன்படுத்துவது பற்றி ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளைக் கொடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தில் இதை எழுதுங்கள். முக்கியக் கேள்வி ஒன்றே ஒன்று: ஐந்து வருடத்துக்கு மேல் கடை நடத்துபவர்களும் புதியவர்களும் யூ.பி.ஐ.யில் வாங்கும் பணத்தின் பங்கில் வேறுபடுகிறார்களா? 150 கடை, அதோடு நிறுத்தம். இடையில் கணக்குப் பார்க்க மாட்டோம். எல்லாக் கேள்விக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்த தாள்களை ஒதுக்குவோம், வேறு எதையும் ஒதுக்க மாட்டோம். இரண்டு சராசரிகளையும் டி-டெஸ்டால் ஒப்பிடுவோம். முடிந்தது. இதை aspredicted.org அல்லது osf.io தளத்தில் இலவசமாகப் பதியலாம். முதல் தளத்தின் முதல் கேள்வியே, டேட்டா ஏற்கெனவே சேகரித்தாயிற்றா என்பதுதான். தளம் வேண்டாம் என்றால் கைடுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். மெயிலிலும் தேதி இருக்கும்.

அப்படியானால் டேட்டாவைக் குடைந்து பார்க்கவே கூடாதா? தாராளமாகப் பார்க்கலாம். நல்ல யோசனைகள் பலவும் அப்படித்தான் கிடைக்கின்றன. முன்பே திட்டமிட்டது தனித் தலைப்பில், தேடிப் பார்த்ததில் கிடைத்தது தனித் தலைப்பில் வர வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது தலைப்பில் மொத்தம் எத்தனை சோதனை போட்டோம் என்பதையும் எழுத வேண்டும். 60 போட்டோம், 3 தேறின என்று எழுதினாலே படிப்பவர் மீதியைப் புரிந்துகொள்வார். இன்னொரு வழி, 150 தாள்களைக் குலுக்கி 75-ஐத் தனியே எடுத்து வைப்பது. முதல் 75-இல் இஷ்டம்போல் குடையலாம். அதில் தேறியதை மற்ற 75-இல் ஒரே ஒரு முறை சோதிக்கலாம். தற்செயலாகத் தேறியவற்றில் பெரும்பாலானவை அங்கே காணாமல் போய்விடும். ஆட்கள் பாதி என்பதால் சிறிய உண்மையான வித்தியாசமும் தப்பிவிடலாம், அது இதில் உள்ள குறை.

"சார், எதுவும் சிக்னிஃபிகன்ட் வரவில்லை" என்றால் மார்க் குறையும் என்ற பயம் நம் வகுப்பில் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த பயம் கார்னெலில் இருந்தவர்களுக்கும் இருந்தது. அதற்கும் முன்பதிவு ஒரு சின்னப் பாதுகாப்பு. கைடு முன்பே பார்த்து ஒப்புக்கொண்ட திட்டம் கையில் இருந்தால், வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு விடை என்று வைவாவில் காட்டிப் பேசலாம்.

எங்கள் பேட்ச் இன்னும் கேள்வித்தாள் அச்சடிக்கவில்லை. யாராவது சேர்ந்து செய்ய விரும்பினால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். திட்டத்தை எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பி, முடிந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம்.